சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி ஒரு பொருளைப் படம் எடுப்பது எப்படி?

வாரண்டி கேட்டாலும் சரி, பழைய பொருளை விற்றாலும் சரி, உதிரிபாகம் தேடினாலும் சரி, எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க." நாமும் எடுத்து அனுப்புவோம். நம் போனில் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சற்று நேரத்தில் "எண் சரியாத் தெரியல, வேற அனுப்ப முடியுமா?" என்று பதில் வரும்.

உடனே கேமராவைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் கேமரா மேல் தவறு இருக்காது. அந்தச் சின்ன எழுத்துக்குப் படத்தில் எத்தனை பிக்சல் கிடைத்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்ற இரண்டில்தான் கோளாறு இருக்கும். இதைச் சரிசெய்ய உங்கள் போன், ஒரு டார்ச், இரண்டு வெள்ளைத்தாள், ஒரு கறுப்புத் துணி ஆகியவை போதும்.

பேச்சுக்கு ஒரு டிரில் மெஷினை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கவாட்டில் பளபளப்பான, மேலெழும்பிய லோகோ இருக்கிறது. அடியில் மாடல் பெயர், வோல்ட், வாட் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. கைப்பிடிக்கு மேலே ஒரு சின்ன அலுமினியத் தகடு. அதில் சீரியல் நம்பர் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்று பரப்பும் வெளிச்சத்துக்கு மூன்று விதமாக நடந்துகொள்ளும் என்பதால், ஒரே அமைப்பில் மூன்றையும் எடுத்துவிட முடியாது. மெஷினைத் திருப்பிப் போட்டு எடுக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி உள்ளது என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மெஷினின் நீளம் 300 மில்லிமீட்டர், உங்கள் படம் 4000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் முழுவதும் அடங்கும்படி எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 13 பிக்சல் கிடைக்கும். தகட்டில் உள்ள எழுத்து ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் என்றால், அதற்கு வந்து சேர்வது 20 பிக்சல். ஓர் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க ஏறக்குறைய அவ்வளவு தேவை. 10 பிக்சலுக்குக் கீழே போனால் படிப்பது நின்றுபோய் ஊகிப்பது தொடங்கிவிடும்.

20 பிக்சல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. மெசேஜ் செயலியில் அந்தப் படத்தை அனுப்புகிறீர்கள். செயலி அதை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது என்று வையுங்கள். இப்போது மில்லிமீட்டருக்கு 5 பிக்சல் சொச்சம், எழுத்துக்கு 8 பிக்சல். உங்கள் போனில் தெரிந்த எண் அவருடைய போனில் தெரியாமல் போனது இதனால்தான்.

அதே தகட்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். தகடு 60 மில்லிமீட்டர். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு, படத்தின் அகலத்தில் 80 மில்லிமீட்டர் அடங்குகிறது. மில்லிமீட்டருக்கு 50 பிக்சல், எழுத்துக்கு 75 பிக்சல். 1600க்குச் சுருக்கினாலும் 30 மிஞ்சும். படிக்கலாம்.

ஆக, ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும். குறைந்தது மூன்று படம்: முழுப் பொருள் ஒன்று, லேபிளோ தகடோ பொருளின் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் நடுத்தூரப் படம் ஒன்று, எழுத்து மட்டும் நிறைந்த கிட்டப் படம் ஒன்று. நடுத்தூரப் படத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாரண்டி சரிபார்ப்பவருக்கு அதுதான் முக்கியம். தகட்டை மட்டும் காட்டும் கிட்டப் படம், அந்தத் தகடு எந்த மெஷினில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. பாதி மெஷினும் தகடும் சேர்ந்து தெரியும் படம்தான் இரண்டையும் இணைக்கும்.

தூரமும் ஃபோகஸும்

கிட்டப் படம் என்றதும் போனைத் தகட்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டு போவது இயல்பு. அங்கேதான் படம் மங்குகிறது. போனின் முதன்மைக் கேமராவுக்குக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்று ஒன்று உண்டு. இப்போது வரும் பல போன்களில் அது 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கிறது. அதைவிட நெருங்கினால் ஒன்று ஃபோகஸ் ஆகாது, இல்லையென்றால் போன் தானாகவே அகலக்கோணக் கேமராவுக்கு மாறி மேக்ரோவில் எடுக்கும். அப்படி எடுத்த படத்தில் நடுப்பகுதி தெளிவாக இருந்தாலும் ஓரத்து எழுத்துகள் இழுபட்டும் மங்கியும் நிற்கும். அதோடு போனின் நிழலே தகட்டின் மேல் விழும்.

அதனால் 25, 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, 2 மடங்கு ஜூம் போட்டு எடுங்கள். தகட்டைச் சுற்றி இடம் அதிகமாக வந்தால், அனுப்பும் முன் அதை வெட்டிவிடுங்கள். தனியாக ஜூம் லென்ஸ் உள்ள போனில் அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகும் தூரத்தில் நின்று அதைப் பயன்படுத்தலாம். இதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதில் லாபம் இல்லை. போன் இருக்கிற பிக்சலையே பெரிதாக்கி, ஓரங்களைத் தானாகக் கூர்மையாக்கும். 8 என்பது B ஆவது பெரும்பாலும் அங்கேதான்.

திரையில் எழுத்தின் மேலேயே தொடுங்கள். தகட்டின் ஓரத்தையோ திருகையோ தொடாதீர்கள். பல போன்களில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஐபோனில் அப்போது AE/AF LOCK என்று மேலே தெரியும். பிறகு போனைப் புத்தக அடுக்கின் மேலோ எதன் மீதோ சாய்த்து நிறுத்தி, 3 நொடி டைமர் வைத்து எடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பொத்தானைத் தட்டும் அந்த நொடியில் போன் கொஞ்சமாவது அசையும். முழு மெஷின் படத்தில் அது தெரியாது. ஒன்றரை மில்லிமீட்டர் எழுத்தில் நன்றாகவே தெரியும்.

பொருளை நகர்த்தவே முடியாத இடங்களும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், மோட்டாரின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் தலை நுழையாது. அங்கே போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா கீழ்ப்பக்கம் வந்துவிடும். தரையை ஒட்டி உள்ளே விட்டு டைமரில் எடுக்கலாம். தகடு கோணலாக வந்தால் பிறகு திருப்பிக்கொள்ளலாம், அது பெரிய விஷயம் இல்லை.

வெளிச்சம்: மூன்று பரப்புக்கு மூன்று வழி

எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் விளக்கு லென்ஸை ஒட்டியே இருக்கிறது. பளபளப்பான பரப்பு, வெளிச்சம் எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திருப்பி அனுப்பும். நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் அது அப்படியே லென்ஸுக்குள் திரும்பி வந்து, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டாக விழும். எண் சரியாக அந்தத் திட்டுக்குள்தான் இருக்கும்!

ஸ்டிக்கரில் தொடங்குவோம், அதுதான் சுலபம். அச்சிட்ட எழுத்துக்கு நிழல் தேவையில்லை, சீரான வெளிச்சம் போதும். மெஷினை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் விழும்; எதிரில் இருந்தால் ஸ்டிக்கர் பளிச்சிடும். பக்கவாட்டில் வைத்தும் ஸ்டிக்கரின் மேல் வெள்ளையாக ஏதாவது மினுங்கினால், போனின் இடத்திலிருந்து பார்த்து அது எதன் பிரதிபலிப்பு என்று கண்டுபிடியுங்கள். கூரை விளக்காக இருக்கலாம், உங்கள் வெள்ளைச் சட்டையாகவும் இருக்கலாம். விளக்கை அணைக்கலாம், அணைக்க முடியாததை மறைக்கக் குறுக்கே கறுப்புத் துணியைப் பிடிக்கலாம். ஸ்டிக்கர் அந்தக் கறுப்பைப் பிரதிபலிக்கத் தொடங்கியதும் மினுக்கம் போய் எழுத்து துலங்கும்.

ஸ்டிக்கர் சுருங்கி அலையலையாக இருந்தால் ஒவ்வோர் அலையும் தனித்தனியாக மினுங்கும். அப்போது போலரைஸ்டு குளிர்கண்ணாடி இருந்தால் அதன் ஒரு பக்கத்தை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் மினுக்கம் நன்றாகக் குறையும். ஸ்டிக்கரைச் சற்றுச் சாய்வாகப் பார்த்து எடுத்தால்தான் இது வேலை செய்யும், நேர் எதிரே நின்றால் பலன் இல்லை. உலோகத்தில் விழும் பளபளப்புக்கும் இது உதவாது. போலரைசர் எல்லா மினுக்கத்தையும் போக்கிவிடும் என்று நம்பித் தகட்டின் மேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது தகடு. இதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து குழியாகக் குத்தப்பட்டிருக்கிறதா, அல்லது வழவழப்பான தகட்டின் மேல் கறுப்பாகப் பதிந்திருக்கிறதா? இரண்டுக்கும் வெளிச்சம் நேர்மாறு.

குத்தப்பட்ட எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. தகடும் எழுத்தும் ஒரே உலோகம். குழிக்குள் விழும் நிழலைத்தான் நாம் எழுத்தாகப் படிக்கிறோம். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டின் மட்டத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, 10 முதல் 20 டிகிரி சாய்வில் வெளிச்சத்தைத் தகட்டின் மேல் ஓட விடுங்கள். டார்ச்சை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே திரையைக் கவனியுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் எண்கள் சட்டென்று எழுந்து நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிச்சம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் போகும் கோடுகளுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் செங்குத்துக் கோடுகள் பளிச்சென்று தெரியும், படுக்கைக் கோடுகள் மங்கும். E என்ற எழுத்தின் கீழ்க்கோடு மங்கிவிட்டால் அது F ஆகத் தெரியும். அதனால் டார்ச்சைத் தகட்டின் ஒரு மூலையிலிருந்து குறுக்காக அடியுங்கள். தேய்ந்த தகடாக இருந்தால் மேல்-இடது மூலையிலிருந்து ஒன்றும் மேல்-வலது மூலையிலிருந்து ஒன்றுமாக இரண்டு படம் எடுங்கள். ஒன்றில் தொலைந்த கோடு மற்றதில் கிடைக்கும். உடலின் அதே நிறத்தில் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்ட எழுத்துக்கும் இதே வழிதான்.

அப்படியும் எழாத அளவுக்குத் தேய்ந்திருந்தால், குழிகளில் சாக்பீஸ் தூளையோ டால்கம் பவுடரையோ தேய்த்து, மேல்பரப்பை மட்டும் விரலால் துடைத்துவிடுங்கள். தூள் குழியில் தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். காற்றுத் துளைகளுக்குள் தூள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக, அச்சிட்ட ஸ்டிக்கரைத் தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்கவே கூடாது. அழுக்கோடு சேர்ந்து எண்ணும் போய்விடும். காய்ந்த மென்துணி போதும்.

இப்போது இரண்டாவது வகை: வழவழப்பான தகட்டில் கறுப்பாகப் பதிந்த எழுத்து. இங்கே குறுக்கு வெளிச்சம் கெடுதல்தான் செய்யும். தகடு இருண்டுபோய், கறுப்பு எழுத்து கறுப்புத் தகட்டில் மறைந்துவிடும். தகட்டை ஒரு கண்ணாடியாக நினைத்துக்கொள்ளுங்கள். அது எதைப் பார்க்கிறதோ அந்த நிறம்தான் அதன் நிறம். இருண்ட அறையைப் பார்த்தால் இருட்டு, வெள்ளைத்தாளைப் பார்த்தால் வெள்ளை. போனைத் தகட்டுக்கு நேர் மேலே வைக்காமல் 10, 15 டிகிரி ஒரு பக்கம் சாயுங்கள். எதிர்ப்பக்கம் அதே அளவு சாய்வில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, அந்தத் தாளின் மேல் வெளிச்சம் விழச் செய்யுங்கள். டார்ச் தாளைப் பார்க்கட்டும், தகட்டைப் பார்க்க வேண்டாம். தாள் சரியான இடத்துக்கு வந்த கணத்தில் தகடு முழுவதும் ஒரே சீராக வெளுக்கும், எழுத்து கறுப்பாக நிற்கும். போனைச் சாய்த்ததால் தகடு சற்றே கோணலாக வரும். அதைச் சகித்துக்கொள்ளலாம், நேராக வைத்தால் போனின் கறுப்பு உருவமே தகட்டில் விழும்.

எந்த வகையாக இருந்தாலும், எடுக்கும் முன் திரையில் உள்ள வெளிச்சக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். எழுத்தின் ஓரம் வெள்ளையில் கரையாமல் நிற்கும் அளவுக்குக் குறைத்தால் போதும். கொஞ்சம் இருட்டாக வந்த படத்தைப் பிறகு வெளுக்க வைக்கலாம். முழுக்க வெளுத்துப்போன இடத்தில் எழுத்தை எதனாலும் மீட்க முடியாது.

லோகோவுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. அது பெரியது; பிக்சல் பற்றாக்குறை வராது. வடிவம் கெடுவதுதான் அதன் பிரச்சினை. அருகில் நின்று எடுத்தால் கிட்ட இருக்கும் பகுதி பெருத்து, வட்ட லோகோ முட்டை வடிவமாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில், லோகோவுக்கு நேர் எதிரே எடுங்கள். மேலெழும்பிய மினுக்கு எழுத்துகள் என்றால் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் ஒரு வெள்ளைத்தாள். எழுத்தின் ஒரு விளிம்பு வெளிச்சத்தையும் மற்றது தாளையும் பிரதிபலித்து உருவம் முழுமையாகத் தெரியும். கறுப்பு உடலில் சிவப்பு எழுத்து இருந்தால் அதைச் சற்றுப் பெரிதாகவே எடுங்கள். ஜேபெக் படம் நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் பெரும்பாலும் சேமிக்கிறது. சிவப்பும் கறுப்பும் வெளிச்சத்தில் அதிகம் வேறுபடாததால் சின்னச் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கிப்போகும்.

அனுப்பும் முன் சோதியுங்கள்

தகட்டைத் துணியால் மூடிவிட்டு, படத்தை மட்டும் பார்த்து எண்ணைத் தாளில் எழுதுங்கள். பிறகு தகட்டோடு ஒப்பிடுங்கள். தகட்டைப் பார்த்துக்கொண்டே படத்தைப் பார்த்தால், நமக்குத் தெரிந்த எண்ணைத்தான் கண் படிக்கும். வீட்டில் வேறொருவரைப் படத்திலிருந்து படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. 0 - O, 1 - I, 5 - S, 8 - B, 2 - Z ஆகிய ஜோடிகளில் அவர் தயங்கினால் அந்தப் படம் தேறவில்லை. வெளிச்சத்தின் திசையை மாற்றி மறுபடி எடுங்கள். லேபிளில் பார்கோடு இருந்தால், வேறொரு போனால் உங்கள் திரையில் உள்ள படத்தையே ஸ்கேன் செய்து பாருங்கள். படித்துவிட்டால் படம் தெளிவு என்று அர்த்தம்; பார்கோடு சீரியல் நம்பருக்கானது என்றால் வந்த எண்ணை எழுத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

எழுத்தின் ஓரங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று பொருள். இருட்டில் வரும் புள்ளிகளை நீக்கப் போய், போன் மெல்லிய கோடுகளையும் சேர்த்து நீக்கியிருக்கிறது. டார்ச்சை இன்னும் அருகே கொண்டு வாருங்கள். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் முறையில் தகட்டை எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அது படத்தைப் பளிச்சென்று கறுப்பு வெள்ளையாக மாற்றும். மாற்றும்போது மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும், தகட்டின் கீறலை எழுத்தாக்கியும் காட்டும்.

அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணைத்தால் வாட்ஸ்அப்பில் படம் சுருங்காமல் அப்படியே போகும். HD என்ற தேர்வு இருந்தால் அதுவும் சாதாரண அனுப்புதலைவிட மேல். ஐபோனில் எடுத்த கோப்பு .heic என்று முடிந்தால் சில இணையப் படிவங்கள் ஏற்காது; .jpg ஆக மாற்றிக்கொள்ளுங்கள். படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் திரையின் பிக்சல் அளவுதான் மிஞ்சும், அதைச் செய்யாதீர்கள்.

விற்பனை விளம்பரத்தில் போடும் படம் என்றால் விஷயம் தலைகீழ். லோகோவும் மாடலும் தெரியட்டும்; சீரியல் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம், வேறொருவர் அதைக் காட்டி வாரண்டி கேட்க முடியும். தெளிவான படத்தை உங்களிடம் வைத்துக்கொண்டு, பொதுவில் போடும் பிரதியில் மட்டும் எண்ணை மறையுங்கள். மறைக்கும்போது கறுப்புப் பேனா போன்ற கருவியால் கோடு இழுக்காதீர்கள். அதில் லேசான ஒளி ஊடுருவல் இருக்கலாம். அப்படி இருந்து, யாராவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் அடியிலிருந்து தெரியும். முழுக்க நிரப்பிய ஒரு கட்டத்தை அதன் மேல் வைத்துச் சேமியுங்கள். வாங்க வருபவர் எண்ணைக் கேட்டால், அவருக்கு மட்டும் கிட்டப் படத்தைத் தனியாக அனுப்பலாம்.